போட்டோவில் வந்த எண் வரிசை: n-வது உறுப்புக்கு எந்த வழி?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் பாதி வாட்ஸ்அப்பில்தான் நடக்கின்றன. மழை விடுமுறை என்று அறிவிப்பு வந்த கொஞ்ச நேரத்தில் பயிற்சித்தாளின் போட்டோ ஒன்று வந்து விழும். யாரோ ஒரு வீட்டில் மின்சாரம் இல்லாத நேரத்தில், திண்ணையில் தாளை வைத்து எடுத்திருப்பார்கள். அது நாலு பேர் கைமாறி வருவதற்குள் மங்கியிருக்கும். தாளின் மடிப்பு ஓர் எண்ணின் மேல் நிழலாக விழுந்திருக்கும். நான் குடமுருட்டிக் கரையில், திருவையாற்றை அடுத்த ஓர் ஊரில், ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு சொல்லித்தருகிறேன். போன மழைக்காலத்தில் அப்படி வந்த ஒரு கேள்வி, எந்த வழியை முதலில் சொல்லித்தர வேண்டும் என்று என்னை மறுபடி யோசிக்க வைத்தது.

கேள்வி இதுதான்: அடுத்த இரண்டு உறுப்புகளையும் n-வது உறுப்பையும் காண்க. 1, 7, 19, 31, 61, … எண்களுக்குக் கீழே புள்ளிகளால் ஆன அறுகோணப் படங்கள் மூன்று. நான்காவது படம் போட்டோவின் விளிம்பில் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

மூன்று பிள்ளைகள் மூன்று விடை கொண்டுவந்தார்கள். முதல் பையன் n-வது உறுப்பு 12n − 17 என்று எழுதியிருந்தான். இரண்டாமவன் 3n² − 3n + 1 என்றான். மூன்றாவது பிள்ளை, பத்தாம் வகுப்பு மாணவி, நோட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கழித்தல் போட்டுவிட்டு, கடைசியில் "வரவில்லை டீச்சர், கேள்வியே தப்பாக இருக்கிறது" என்றாள்.

இரண்டாமவன் விடைதான் சரி. ஆனாலும் மூன்று பேரில் நம்பத் தகுந்த வேலை செய்தவள் அந்தப் பெண்தான். ஏன் என்று சொல்வதற்குள் மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

பையன்கள் இருவரும் எடுத்தது ஒரே வழி. விதி an² + bn + c என்ற வடிவத்தில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, மூன்று உறுப்புகளைப் போட்டு மூன்று சமன்பாடுகள் எழுதித் தீர்ப்பது. பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகளில் ஒருங்கமைச் சமன்பாடுகள் படித்தவுடன் பிள்ளைகளுக்கு இதன் மேல் ஒரு தனி ஆசை வந்துவிடுகிறது. இரண்டாமவன் முதல் மூன்று உறுப்புகளை எடுத்தான். a + b + c = 1, 4a + 2b + c = 7, 9a + 3b + c = 19. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 3a + b = 6, 5a + b = 12. அதிலிருந்து a = 3, b = −3, c = 1. முதலாமவனோ, 1 என்ற எண் ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டு 7, 19, 31 ஆகிய மூன்றை எடுத்தான். அவை 12, 12 என்று ஒரே அளவில் கூடுகின்றன. ஆகவே a = 0 வந்தது. கூட்டுத் தொடர்வரிசை என்று மகிழ்ந்துபோய் 12n − 17 எழுதினான். அந்த விதிப்படி ஆறாவது உறுப்பு 55. 61-க்குப் பிறகு 55 வருகிறதே என்று அவனுக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

இந்த வழியின் குறை இதில் வெளிப்படையாகத் தெரிகிறது. மூன்று எண்களைக் கொடுத்தால் அது ஏதாவது ஒரு விடையைத் தந்தே தீரும். எண்கள் சரியா தப்பா என்று ஒரு வார்த்தை கேட்காது. இரண்டாமவனின் விடை சரியாக வந்ததற்கு அவனுடைய முறை காரணம் இல்லை. பழுதான எண் அவன் எடுத்த மூன்றில் விழவில்லை, அவ்வளவுதான். அவன் தன் விதியில் n = 4 என்று போட்டிருந்தால் 37 வந்திருக்கும், தாளிலோ 31 இருக்கிறது என்று அப்போதே பிடித்திருப்பான். போடவில்லை. மூன்று சமன்பாடு தீர்த்த களைப்பில் யாரும் போடுவதில்லை.

அந்தப் பெண் எடுத்தது வித்தியாச அட்டவணை. பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்து ஒரு வரிசை, அந்த வரிசையில் மறுபடி கழித்து இன்னொரு வரிசை என்று இறங்கிப் போவது. பிளஸ் டூ வணிகக் கணிதத்தில் இதே சரக்கு வேறுபாட்டு அட்டவணை என்ற பெயரில் வரும். ஆனால் கழித்தல் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதைப் போடலாம். அவள் நோட்டில் இருந்தது:

```
1     7     19    31    61
   6     12    12    30
      6     0     18
        -6    18
```

முதல் வித்தியாசம் எல்லாம் ஒன்றாக இருந்தால் விதி நேரியது. இரண்டாம் வித்தியாசம் ஒன்றாக இருந்தால் விதியில் n² இருக்கிறது. இவளுக்கு எந்த வரிசையும் ஒன்றாக வரவில்லை. அதனால் நின்றுவிட்டாள். நான் கேட்கிறேன், பழுதான எண்ணைக் கொடுத்தால் நின்றுவிடும் முறை நல்லதா, நிற்காமல் ஓடும் முறை நல்லதா? தெளிவாக அச்சிட்ட புத்தகத்தை நேரில் பார்த்துச் செய்யும்போது இந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்பில்லை. நாலு கைமாறிய போட்டோவைப் பார்த்துச் செய்யும்போது இதுதான் முதல் கேள்வி.

அட்டவணை நின்றதோடு விடவில்லை, பழுது எங்கே என்றும் சொல்லிவிட்டது. அதை அவளுக்குக் காட்ட வாய்க்காலைத்தான் இழுத்தேன். வாய்க்கால் கரையில் ஓர் இடத்தில் உடைப்பு எடுத்தால் தண்ணீர் அங்கேயே நிற்பதில்லை. கீழே போகப் போக அகலமாகப் பரவும். ஆனால் நனைந்த வயல்களைப் பார்த்தே உடைப்பு எங்கே என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அட்டவணையிலும் அப்படித்தான். நான்காவது எண்ணில் மட்டும் e அளவு பிழை இருக்கிறது என்று வையுங்கள். அடுத்த வரிசையில் அது இரண்டு இடத்தைத் தொடும்: +e, −e. அதற்கடுத்த வரிசையில் +e, −2e, +e என்று மூன்று இடம். மூன்றாம் வித்தியாசத்தில் +e, −3e, +3e, −e என்று நான்கு இடம். பாஸ்கல் முக்கோணத்தின் 1, 3, 3, 1 தான், குறி மட்டும் மாறி மாறி வருகிறது. வரிசை நீளமாக இருந்தால் நான்கும் தெரியும். இங்கே ஐந்தே எண்கள் என்பதால் முதல் இரண்டு மட்டும் தெரிகின்றன.

விதி n² வரை மட்டுமே போகிறது என்றால் மூன்றாம் வித்தியாசம் எல்லாம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆகவே அந்த வரிசையில் பூஜ்யம் தவிர எது தெரிந்தாலும் அது பிழையின் நிழல். இவளுக்கு −6, 18 தெரிகிறது. இரண்டாவது எண் முதலாவதைப் போல மூன்று மடங்கு, குறி எதிர். e, −3e என்ற அமைப்பு அப்படியே பொருந்துகிறது. எனவே e = −6, பிழை நான்காவது எண்ணில், சரியான எண் 31 + 6 = 37.

ஐந்து எண்களில் பிழை வேறு இடத்தில் இருந்தால் இந்த ஜோடி வேறு மாதிரி இருக்கும். முதல் எண்ணில் பிழை என்றால் ஜோடியில் இரண்டாவது பூஜ்யமாகிவிடும். ஐந்தாவதில் என்றால் முதலாவது பூஜ்யம். நட்டநடு எண்ணில் என்றால் இரண்டும் ஒரே அளவாக, எதிர்க்குறியில் வரும். இரண்டாவது எண்ணில் என்றால் ஜோடியின் முதலாவது, இரண்டாவதைப் போல மூன்று மடங்காக, எதிர்க்குறியில் வரும். ஐந்துக்கும் ஐந்து விதமான சாயல், ஒன்றோடு ஒன்று கலக்காது. இதை மனப்பாடம் செய்யச் சொல்லவே மாட்டேன். சந்தேகப்படும் எண்ணைத் திருத்தி எழுதி, அட்டவணையை மறுபடி ஒரு முறை போட்டால் போதும். 37 போட்டதும் முதல் வித்தியாசம் 6, 12, 18, 24 என்றும், இரண்டாம் வித்தியாசம் 6, 6, 6 என்றும் வந்து விழுந்தன.

திருத்தம் சரியாக 6 என்றதும் எனக்கு இன்னொன்றும் பிடிபட்டது. மங்கலான போட்டோவில் 7-இன் மேல் கோடு மறைந்தால் அது 1 ஆகிவிடும், வித்தியாசம் 6. அதேபோல 8 பாதி அழிந்து 3 ஆனால் 5 குறையும். 6-இன் உள்வளைவு தெரியாமல் 0 ஆனால் 6 குறையும். அட்டவணை சொல்லும் திருத்தம் இப்படி ஏதாவது ஓர் எழுத்துக் குழப்பத்தோடு ஒத்துப்போனால் நம்பிக்கை கூடும். அட்டவணை சொல்லும் அளவுக்கு எந்த எழுத்தும் அப்படி மாறாது என்றால் வேறெங்கோ கோளாறு. தாளை வைத்திருந்த வீட்டுக்கு அந்தப் பெண் தகவல் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஒற்றை எண்ணை மட்டும் கிட்டத்தில் எடுத்த போட்டோ வந்தது. 37 தான். மடிப்பு நிழல் மேல் கோட்டைத் தின்றிருந்தது.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. கையால் மடக்கை அட்டவணை தயாரித்த காலத்தில், அச்சுப் பிழையைப் பிடிக்க இப்படித்தான் வித்தியாசம் எடுத்துப் பார்த்தார்கள். 1822-இல் சார்லஸ் பாபேஜ் முன்வைத்த கணக்கு இயந்திரமும் வித்தியாசங்களைக் கூட்டிக் கூட்டியே அட்டவணை போடும்படி அமைந்ததுதான்.

அட்டவணையின் வரம்பையும் சொல்ல வேண்டும். n² விதியை நிர்ணயிக்க மூன்று எண்கள் போதும். நான்காவது எண் இருந்தால் எங்கோ பழுது என்பது மட்டும் தெரியும். பழுது எந்த இடத்தில் என்று சொல்ல ஐந்தாவது எண் வேண்டும், அதுவும் பழுது ஒன்றே ஒன்றாக இருந்தால்தான். பயிற்சித்தாள்களில் பெரும்பாலும் நான்கு எண்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 1, 7, 19, 31 என்று நான்கு மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் வித்தியாசம் 6, 0 என்று வந்து, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்திருக்கும். அதற்கு மேல் போட்டோவைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு ஆபத்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போவது. −6, 18 இரண்டுக்கும் வித்தியாசம் 24. கீழே 24 ஒன்றுதான் இருக்கிறது, ஆகவே அது மாறிலி என்று எண்ணிக்கொண்டு மேலே கூட்டிப் போனால் 42, 60, 90 என்று ஏறி அடுத்த உறுப்பு 151 என்று கிடைக்கும். இப்படி எழுதிக் கொண்டுவந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். எந்த ஐந்து எண்களைக் கொடுத்தாலும் நான்காவது வரிசையில் ஒரே ஓர் எண்தான் மிஞ்சும். ஒற்றை எண்ணை வைத்து ‘எல்லாம் ஒன்றாக இருக்கின்றன’ என்று எப்படிச் சொல்வது? ஒரு வரிசையில் குறைந்தது இரண்டு எண்களாவது இருந்து, அவை எல்லாமே ஒன்றாக இருந்தால்தான் அதை மாறிலி என்று எடுக்கலாம். மூன்று இருந்தால் நிம்மதி. வித்தியாச வரிசை மூல வரிசையைப் போலவே திரும்பத் திரும்ப வந்தால், 3, 6, 12, 24 என்பதற்கு 3, 6, 12 வருவதுபோல, அது பெருக்குத் தொடர்வரிசை. அங்கே கழிப்பதை விட்டுவிட்டு வகுத்துப் பார்க்க வேண்டும்.

விதி எழுதுவதும் அட்டவணையிலிருந்து எளிதுதான். இரண்டாம் வித்தியாசம் 6, அதில் பாதி 3, எனவே விதி 3n² என்று தொடங்கும். ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 3n² ஐக் கழியுங்கள். 1 − 3, 7 − 12, 19 − 27, 37 − 48, 61 − 75 என்று செய்தால் −2, −5, −8, −11, −14 கிடைக்கும். இது −3n + 1. சேர்த்தால் 3n² − 3n + 1. அடுத்த இரண்டு எண்களுக்கு விதியே வேண்டியதில்லை. முதல் வித்தியாசம் 30, 36 என்று தொடரும், ஆகவே 61 + 30 = 91, 91 + 36 = 127.

மூன்றாவது வழி, எண்களைப் பார்க்காமல் படத்தைப் பார்ப்பது. இதற்கு எங்கள் ஊரில் வாத்தியாரே தேவையில்லை. மார்கழியில் வாசலில் கோலம் போடும் யாரும் செய்துவிடலாம். அந்தப் பெண்ணிடம் நான்காவது படத்தை எழுதச் சொன்னபோது அவள் தயங்கினாள். "ஏழு புள்ளி, இடுக்குப்புள்ளி, நான்கில் நிறுத்து" என்றதும் சாக்பீஸை வாங்கித் தரையில் மளமளவென்று வைத்துவிட்டாள். அவளுடைய அப்பாயி போடும் கோலமாம். நடுவில் ஏழு புள்ளி, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு. கூட்டினால் 4 + 5 + 6 + 7 + 6 + 5 + 4 = 37. தாளில் இருந்த மூன்றாவது படம் அதே முறையில் ஐந்து புள்ளி, மூன்றில் நிறுத்துவது. 3 + 4 + 5 + 4 + 3 = 19. இரண்டாவது 2 + 3 + 2 = 7. எண் மங்கியிருந்தால் என்ன, கோலம் மங்கவில்லை.

விதியும் கோலத்திலிருந்தே வரும். நடுப்புள்ளியை எடுத்துவிட்டால் மீதி ஆறு சமமான முக்கோணங்களாகப் பிரிகிறது. நான்காவது படத்தில் ஒவ்வொரு முக்கோணத்திலும் 1 + 2 + 3 = 6 புள்ளிகள். ஆறு முக்கோணத்துக்கு 36, நடுப்புள்ளியோடு 37. n-வது படத்தில் ஒவ்வொரு முக்கோணத்திலும் 1 முதல் n − 1 வரையிலான கூட்டுத்தொகை, அதாவது n(n − 1)/2. ஆறு மடங்கு 3n(n − 1). ஒன்றைக் கூட்டினால் 3n² − 3n + 1.

மற்ற இரண்டு வழிகளுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. அட்டவணையும் சமன்பாடும், கொடுத்த எண்களுக்குப் பொருந்தும் விதி ஒன்றைத் தருகின்றன. ஆறாவது எண்ணும் அதே விதியில்தான் வரும் என்பது நம் அனுமானம். படம்தான் ஏன் வருகிறது என்று சொல்கிறது. 1, 2, 4, 8, 16 என்ற ஐந்து எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை ஒவ்வொரு முறையும் பாதியாக மடித்து அடுக்குகளை எண்ணும் கேள்வி என்றால் அடுத்தது 32. வட்டத்தின் மேல் புள்ளிகள் வைத்து, அவற்றை ஒன்றோடு ஒன்று கோடுகளால் இணைத்து, வட்டம் அதிகபட்சம் எத்தனை துண்டாகிறது என்று எண்ணும் கேள்வி என்றால் அதே ஐந்து எண்களுக்குப் பிறகு வருவது 31. எண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதைத் தீர்க்க வழியே இல்லை.

அப்படியானால் படம்தானே சிறந்த வழி என்று கேட்கலாம். படம் இருந்தால் சிறந்தது. பாதிக் கேள்விகளில் படம் இருக்காது. இருந்தாலும் போட்டோ எடுப்பவர் எண்கள் விழுந்தால் போதும் என்று படத்தை வெட்டிவிடுவார். இன்னொன்று, பிள்ளைகள் போட்டோவில் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார்கள், இருபதைத் தாண்டினால் கட்டாயம் ஒன்று கூடும் அல்லது குறையும். வரி வரியாக எண்ணி, வரிக்கு எத்தனை என்று எழுதிய பிறகு கூட்ட வேண்டும், கோலக்காரர்கள் செய்வதுபோல.

இவ்வளவு சொன்ன பிறகு, சமன்பாட்டு வழியைக் குப்பையில் போட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. போட்டோவில் எண் தப்பாகத் தெரிவது ஒரு வகை, எண்ணே தெரியாமல் போவது இன்னொரு வகை. கட்டைவிரல் மறைத்தது, மழைச்சொட்டு விழுந்து மை கலைந்தது என்று ஓர் உறுப்பு மொத்தமாகக் காணாமல் போனால் அட்டவணை தடுமாறும், அதற்குப் பக்கத்துப் பக்கத்து எண்கள் வேண்டும். அதே தாளின் அடுத்த கேள்வி அப்படித்தான் வந்தது: 3, ஒரு கறை, 13, இன்னொரு கறை, 31. முதல், மூன்றாம், ஐந்தாம் உறுப்புகள் மட்டும் கையில் இருக்கின்றன. n² விதி என்று வைத்துக்கொண்டால் a + b + c = 3, 9a + 3b + c = 13, 25a + 5b + c = 31. கழித்தால் 8a + 2b = 10, 16a + 2b = 18. ஆகவே a = 1, b = 1, c = 1. விதி n² + n + 1, கறை படிந்த எண்கள் 7, 21.

இங்கே தெரிந்த எண்கள் மூன்று, தெரியாதவையும் மூன்று. சரிபார்க்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரே ஒரு துப்பு உண்டு. கறையில் இருந்தவை முழு எண்களாகத்தான் இருந்திருக்கும், கணக்கில் பின்னம் வந்தால் கண் ஏமாந்திருக்கிறது. கடைசி எண்ணை 31 என்பதற்குப் பதில் 37 என்று படித்திருந்தால் 8a = 14 ஆகி, இரண்டாம் உறுப்பு 6.25 என்று வந்திருக்கும். யாரும் அப்படி ஒரு பயிற்சித்தாள் அடிக்க மாட்டார்கள். பின்னம் வராததால் மட்டும் எண்கள் சரி என்று ஆகிவிடாது. பின்னம் வந்தால் போட்டோவைத் திரும்பப் பார் என்று மட்டுமே இதற்குப் பொருள். ஒரே ஒரு கறை, அதற்கு அந்தப் பக்கம் மூன்று எண்கள் தொடர்ச்சியாகத் தெரிகின்றன என்றால் சமன்பாடு தேவையில்லை. 3, கறை, 13, 21, 31 என்றால் கடைசி வித்தியாசங்கள் 8, 10. அவை இரண்டிரண்டாகக் கூடுகின்றன, பின்னால் போனால் 6, 4. கறையில் 7, அதற்கு முன் 3. தாளில் இருக்கும் 3 அதற்குச் சாட்சி.

மூன்று வழிகளாலும் பிடிக்க முடியாத ஒரு பழுது இருக்கிறது. இடது ஓரம் வெட்டுப்பட்டு முதல் உறுப்பே போட்டோவில் வராமல் போவது. நம் வரிசை 7, 19, 37, 61 என்று வந்திருந்தால் இரண்டாம் வித்தியாசம் அழகாக 6, 6 என்று நிற்கும், அடுத்த எண்கள் 91, 127 என்று சரியாகவே வரும். n-வது உறுப்பு மட்டும் 3n² + 3n + 1 ஆகிவிடும். விதி ஓர் இடம் நகர்ந்துவிட்டது. விடைத்தாளோடு ஒப்பிடும் பிள்ளை ‘அடுத்த எண் சரி, விதி தப்பு’ என்று குழம்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். கேள்வி எண் போட்டோவில் தெரிகிறதா, படம் 1 என்ற தலைப்பு எதன் கீழே இருக்கிறது என்று பார்ப்பது தவிர இதற்கு மருந்து இல்லை.

ஆகவே என் வகுப்பில் இப்போது வரிசை இப்படி. நான்கு எண்களோ அதற்கு மேலோ தொடர்ச்சியாகத் தெரிந்தால் முதலில் அட்டவணை, வேறு பேச்சே இல்லை. படம் இருந்தால் அதை வைத்து அட்டவணையின் விதியை உறுதி செய்வது, முடிந்தால் அடுத்த படத்தைத் தரையில் வரைந்தும் பார்ப்பது. இடையிடையே எண் மறைந்து, தொடர்ச்சியாக மூன்றுகூடக் கிடைக்காதபோது மட்டும் சமன்பாடு. எந்த வழியில் விதி வந்தாலும், அதை வருவிக்கப் பயன்படுத்தாத ஓர் உறுப்பில் போட்டுப் பார்க்காமல் நோட்டை மூடக் கூடாது. அப்படி ஓர் உறுப்பு மிச்சம் இல்லையென்றால் விடைக்குப் பக்கத்தில் ‘சரிபார்க்கவில்லை’ என்று எழுதச் சொல்கிறேன். தேர்வில் அப்படி எழுத வேண்டாம், என் நோட்டில் எழுதலாம்.

12n − 17 எழுதிய பையன் இதற்கெல்லாம் மசியவில்லை. அட்டவணை நீளம், தனக்குச் சமன்பாடே போதும் என்றான். சரி, நீ எடுத்த மூன்றில் இல்லாத முதல் உறுப்பைப் போட்டுப் பார் என்றேன். n = 1 போட்டான். −5 வந்தது. தாளில் 1 இருக்கிறது. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த பெண்ணின் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவளோ அதற்குள் எண்களைக் கழிப்பதை விட்டுவிட்டு அடுத்தடுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள்: 1, 8, 27, 64, 125. திருத்திய வரிசையின் கூட்டுத்தொகைகள் ஒவ்வொன்றும் ஒரு கன எண். 37-க்குப் பதில் 31 போட்டால் நான்காவது கூட்டுத்தொகை 58 ஆகி, கனம் இல்லாமல் போய்விடுகிறது. இது இந்த அறுகோண வரிசைக்கு மட்டும் வாய்த்த சொத்து, மற்ற வரிசைகளில் தேடாதே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. 91-ஐயும் கூட்டி 216 எழுதி, பக்கத்தில் 6³ என்று கோடு போட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.